எழுத்து வரியிலிருந்து சதுரம்: கைப்பேசிச் செயலியில் கியூ.ஆர். குறியீடு உருவாகும் முறை

பெங்களூரு நகரில் நாள்தோறும் இருவகையான கருப்பு வெள்ளைச் சதுரங்கள் மக்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, கிருஷ்ணராஜ சந்தையின் பூக்கடைகளிலும் தெருவோரக் காய்கறி வண்டிகளிலும் அட்டையில் அச்சிட்டு வைக்கப்பட்டிருப்பது. பணம் செலுத்துவோர் அதைத் தம் கைப்பேசியின் காமிராவினால் படித்து அந்தக் கடைக்காரருக்குப் பணம் அனுப்புகின்றனர். மற்றொன்று, மெட்ரோ ரயில் நிலையங்களில் பயணிகள் தம் கைப்பேசித் திரையில் ஏந்தி வந்து நுழைவாயில் இயந்திரத்தின் கண்ணாடிக்கு நேரே காட்டுவது. அந்நகர மெட்ரோ நிர்வாகம் இவ்வகைப் பயணச் சீட்டை 2022 நவம்பர் 1 முதல் வழங்கத் தொடங்கியது.

முன்னது சேமித்து அச்சிடப்படும் சதுரம். பின்னது திரையில் காட்டப்படும் சதுரம். ஆயினும் இரண்டும் பிறக்கும் வகை ஒன்றே. ஒரு சிறு எழுத்து வரியைச் செயலி எடுத்துக்கொண்டு, அதனைக் கருப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற்றி அமைக்கிறது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, எவ்விடங்களில் பிழை நேரக்கூடும், பிழை நேர்ந்ததை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை, பூக்கடை ஒன்றின் பணம் பெறும் குறியீட்டை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சதுரத்தின் தோற்றம்

கியூ.ஆர். குறியீடு 1994-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹரா என்னும் பொறியியலாளரின் குழுவினரால் வகுக்கப்பட்டது. மோட்டார் வாகன உறுப்புகளை அடையாளங் காண்பதற்கு அதுவரை உபயோகத்தில் இருந்த கோட்டுக் குறியீடு போதாமையே அதற்குக் காரணம். கோட்டுக் குறியீடு ஒரு திசையில் மட்டும் செய்தியைத் தாங்கும். சதுரமோ நீளம், அகலம் ஆகிய இரு திசைகளிலும் தாங்கும்.

சதுரத்தின் மூன்று மூலைகளில் காணப்படும் பெரிய கண்கள் போன்ற அடையாளங்களே இதன் தனிச்சிறப்பு. அக்கண்ணின் நடுவே எத்திசையில் கோடு இழுத்தாலும் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு ஆகியவை 1:1:3:1:1 என்னும் விகிதத்தில் அமையும். அச்சிட்ட தாள்களில் இவ்விகிதம் தற்செயலாகத் தோன்றுவது அரிது. ஆதலின், படிக்கும் கருவி இதனை விரைவில் கண்டுகொள்கிறது. நான்காவது மூலையில் கண் இல்லாமையால், சதுரம் தலைகீழாக இருப்பினும் எது மேற்பக்கம் என்பதும் விளங்கிவிடுகிறது.

எழுத்து வரி

கடையில் தொங்கும் சதுரத்தினுள் கடைக்காரரின் படமோ, வங்கிக் கணக்கோ, பணமோ இல்லை. அதனுள் இருப்பது ஓர் எழுத்து வரி மட்டுமே. 2016-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. பணப் பரிமாற்ற ஏற்பாட்டில் அவ்வரி எந்த வடிவில் இருத்தல் வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கற்பனையான ஒரு பூக்கடை 120 ரூபாய் பெறுவதற்கான வரி பின்வருமாறு அமையும்:

```
upi://pay?pa=kadai@example&pn=Poo%20Kadai&am=120.00&cu=INR
```

இதில் `pa` என்பது பணம் சென்று சேரவேண்டிய யு.பி.ஐ. முகவரி. `pn` என்பது பெறுவோரின் பெயர். `am` என்பது தொகை. `cu` என்பது நாணயம். ஒவ்வொரு விவரத்தையும் அடுத்ததிலிருந்து `&` என்னும் குறி பிரிக்கிறது. பெயரில் உள்ள இடைவெளி `%20` என எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கவும். இத்தகைய வரிகளில் வெறும் இடைவெளி வருதல் கூடாது.

முதற் பிழை பெரும்பாலும் இங்கேயே தோன்றுகிறது. கடையின் பெயரில் `&` இருப்பதாகக் கொள்வோம். பெயரைச் செயலி அப்படியே வரியில் ஒட்டிவிட்டால், படிக்கும் கைப்பேசி அக்குறியைப் புதிய விவரத்தின் தொடக்கமாகக் கருதிப் பெயரைப் பாதியில் முடித்துவிடும். அதனை `%26` என மாற்றி எழுதுதல் வேண்டும். முகவரியில் ஓர் எழுத்துத் தவறினாலோ, விளைவு இன்னும் கடுமையானது. அம்முகவரி வேறொருவருக்கு உரியதாயின் பணம் அவருக்கே செல்லும். இவ்விரு நிலைகளிலும் சதுரம் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். தடையின்றிப் படிக்கவும் படும்.

வரி கட்டங்களாகும் விதம்

மேற்கண்ட வரியில் 58 எழுத்துகள் உள்ளன. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் ஒவ்வொன்றும் ஒரு பைட்டு, அதாவது எட்டுப் பிட்டுகள், இடங்கொள்ளும். எனவே செய்தியின் அளவு 58 பைட்டுகள். செயலி முதலில் `0100` என்று எழுதுகிறது. "இனி வருவன பைட்டுகள்" என்பது இதன் பொருள். அடுத்து, எத்தனை பைட்டுகள் என்பதை இரும எண்ணில் `00111010` என எழுதுகிறது, அதுவே 58. பின்னர் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தொடர்கின்றன. முதலெழுத்தாகிய `u` என்பதன் எண் 117. அதன் இரும வடிவம் `01110101`.

இனி, சதுரத்தின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். கியூ.ஆர். குறியீட்டில் 40 அளவுகள் உள்ளன. முதல் அளவு பக்கத்துக்கு 21 கட்டங்கள் உடையது. ஒவ்வோர் அளவுக்கும் நான்கு கட்டங்கள் கூடி, நாற்பதாவது அளவு 177 கட்டங்களை எட்டுகிறது. பிழை திருத்தத்துக்கு நடுத்தரமான இடம் ஒதுக்கினால், மூன்றாம் அளவு 42 பைட்டுகளையும் நான்காம் அளவு 62 பைட்டுகளையும் தாங்கும். நமது செய்தி 58 பைட்டுகள் ஆதலின் நான்காம் அளவு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன் பக்கம் 33 கட்டங்கள். மொத்தம் 1,089 கட்டங்கள்.

நான்காம் அளவின் கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் விளக்குவதற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் அதில் சரியாக 100 பைட்டுகளுக்கு இடம் உள்ளது. நடுத்தரப் பிழை திருத்தத்தில் அவற்றுள் 64 செய்திக்கும், 36 திருத்தத்துக்கும் உரியவை. நமது செய்தியும் அதன் முன்குறிப்புகளும் முடிவுக் குறியும் சேர்ந்து 60 பைட்டுகளை நிரப்புகின்றன. எஞ்சிய நான்கு இடங்களில் 236, 17, 236, 17 என்னும் எண்கள் மாறிமாறி இட்டு நிரப்பப்படுகின்றன. இவற்றுக்குப் பொருள் ஏதுமில்லை. வெற்றிடத்தை நிரப்புவதற்காக விதிமுறையிலேயே குறிக்கப்பட்ட எண்கள் இவை.

இப்பிட்டுகள் சதுரத்தின் கீழ் வலப்பக்க மூலையிலிருந்து தொடங்கி, இரண்டிரண்டு கட்ட அகலமுள்ள பத்திகளாக மேலும் கீழும் நெளிந்து செல்கின்றன. 1 என்பது கருங்கட்டம். 0 என்பது வெண்கட்டம். கண்களும் வழிகாட்டும் கோடுகளும் உள்ள இடங்கள் தாண்டப்படுகின்றன. இறுதியில், ஒரே நிறம் பெருந்திட்டாகத் திரண்டு படிக்கும் கருவியை மயக்காதிருக்கும் பொருட்டு, எட்டு வகையான முகமூடி அமைப்புகளுள் ஒன்று சதுரத்தின்மேல் பொருத்தப்படுகிறது. முகமூடி என்பது குறிப்பிட்ட சில கட்டங்களின் நிறத்தை மாற்றிப்போடும் விதி. எட்டையும் செயலி பொருத்திப் பார்த்து, கருப்பும் வெள்ளையும் நன்கு கலந்திருப்பதைத் தேர்ந்து, எந்த முகமூடி என்பதைக் கண்களுக்கு அருகே குறித்துவைக்கிறது.

பிழை திருத்தமும் அதன் எல்லையும்

திருத்தத்துக்கென ஒதுக்கிய 36 பைட்டுகள், ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட முறைப்படி கணக்கிடப்படுகின்றன. இதன் அடிப்படையை எளிய உதாரணத்தால் உணரலாம். ஒரு நேர்கோட்டைக் குறிக்க இரண்டு புள்ளிகள் போதும். ஆனால் அக்கோட்டின்மீது ஐந்து புள்ளிகளைக் குறித்து அனுப்பினால், வழியில் ஒன்று இடம் மாறிவிட்டாலும் மற்ற நான்கும் ஒரே கோட்டில் நிற்பதைக் கொண்டு தவறிய புள்ளியைக் கண்டுபிடித்து மீண்டும் அதன் இடத்தில் வைக்கலாம். நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்ந்த படியுள்ள வளைகோட்டைக் கொள்வதே அம்முறை.

நமது சதுரத்தில் 100 பைட்டுகளும் ஐம்பது ஐம்பதாக இரு பிரிவுகளாக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒன்பது பைட்டுகள் வரை கெட்டுப்போனாலும் செய்தி முழுமையாக மீட்கப்படும். அட்டையின்மேல் மஞ்சள் கறை படிந்தாலும், ஓரம் சிறிது கிழிந்தாலும் கடைக்காரரின் சதுரம் வேலை செய்வது இதனாலேயே.

பிழை திருத்தம் நான்கு நிலைகளில் கிடைக்கிறது. அவை எல், எம், கியூ, எச் என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும். முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதத்தைத் தாங்கும். எச் நிலையையே எப்போதும் உபயோகித்தால் என்ன என்னும் கேள்வி எழலாம். நமது 58 பைட்டு வரியை எச் நிலையில் அமைத்தால் ஆறாம் அளவு தேவைப்படும். அதன் பக்கம் 41 கட்டங்கள். அதே அளவுள்ள அட்டையில் அச்சிடும்போது ஒவ்வொரு கட்டமும் சிறுத்துவிடும். மேலும், அவ்வளவின் கொள்ளளவு சரியாக 58 பைட்டுகளே. கடையின் பெயரில் ஓர் எழுத்துக் கூடினாலும் 45 கட்டங்களுள்ள ஏழாம் அளவுக்குச் செல்ல நேரும். கறையினால் ஏற்படும் இடையூறைக் குறைக்க முயன்று, தொலைவிலிருந்து படிக்க இயலாத இடையூறை வரவழைத்துக்கொள்வதாக அது முடியும். நடுவில் நிறுவனச் சின்னம் ஒன்றைப் பொறிப்பதாயின் உயர்ந்த நிலை அவசியம். ஏனெனில் சின்னம் மறைக்கும் கட்டங்கள் யாவும் சேதமாகவே கணக்கிடப்படும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிழை திருத்தம் சதுரத்தில் நேர்ந்த சேதத்தைத் திருத்துமேயன்றி, வரியில் நேர்ந்த தவற்றைத் திருத்தாது. தவறான முகவரியைக் கொடுத்தால் அத்தவற்றையே அது பழுதின்றிப் பாதுகாக்கும்.

செயலி செய்யும் வேலை

இதுகாறும் கூறிய கணக்குகளைச் செயலி எழுதுவோர் தாமே எழுத வேண்டுவதில்லை. அவற்றைச் செய்து தரும் மென்பொருள் நூலகங்கள் உள்ளன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குப் பெரிதும் வழங்குவது `ZXing` என்பது. இவ்வேலைக்கு இணையத் தொடர்பு தேவையில்லை. கைப்பேசியே முழுவதையும் செய்துகொள்ளும். வரியைச் சதுரமாக்கும் கட்டளை பின்வருமாறு:

```kotlin
val hints = mapOf(
    EncodeHintType.ERROR_CORRECTION to ErrorCorrectionLevel.M,
    EncodeHintType.MARGIN to 4
)
val matrix = QRCodeWriter().encode(
    text, BarcodeFormat.QR_CODE, 492, 492, hints)
```

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு எண்கள். முதலாவது 4. சதுரத்தைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெண்மையான ஓரம் விடவேண்டும் என்பது விதி. கண்களைச் சுற்றிலும் வெண்மை இருந்தாலன்றிப் படிக்கும் கருவி அவற்றைப் பின்னணியிலிருந்து பிரித்தறிய இயலாது. அழகு கருதி இவ்வோரத்தைக் குறைப்பதே, நன்றாக அமைந்த சதுரம் படிக்கப்படாமற் போவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது எண் 492. சதுரத்தின் பக்கம் 33 கட்டங்கள்; இருபுறமும் ஓரம் எட்டுக் கட்டங்கள்; ஆக 41. ஒவ்வொரு கட்டத்துக்கும் 12 திரைப்புள்ளிகள் வீதம் 41-ஐப் பெருக்கினால் 492 கிடைக்கிறது. எந்தக் கட்டமும் பாதிப் புள்ளியில் முடிவதில்லை. இதற்கு மாறாக 500 எனக் கேட்டால், இந்நூலகம் கட்டத்துக்கு 12 புள்ளிகளே கொடுத்து, மிச்சமுள்ள எட்டுப் புள்ளிகளை ஓரத்தில் சேர்த்துவிடும். அதனால் தீங்கில்லை. தீங்கு விளைவது, அவ்வாறு கிடைத்த படத்தைச் செயலியின் பக்க அமைப்பு மேலும் சுருக்கவோ விரிக்கவோ செய்யும்போதுதான். கட்டங்களின் விளிம்பு அப்போது சாம்பல் நிறமாக மங்கும். பெரிய கட்டங்களாயின் படிக்கும் கருவி இதனைப் பொறுத்துக்கொள்ளும். கட்டத்துக்கு இரண்டு மூன்று புள்ளிகளே உள்ள சிறு படங்களில் கருப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஐபோன் செயலிகளில் வழங்கும் `CIQRCodeGenerator` என்பதில் இவ்விளைவு மிகத் தெளிவாகத் தெரியும். அது கட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம் மிகச் சிறிய படத்தையே தருகிறது. அதனை அப்படியே திரையளவுக்கு இழுத்தால் படம் முழுவதும் புகை படிந்தாற்போல் மங்கிவிடும். முழு எண்ணால் பெருக்கி, விளிம்பை மென்மையாக்கும் ஏற்பாட்டை நிறுத்திவைத்து விரித்தல் வேண்டும்.

நூலகம் திருப்பித் தருவது படமன்று. எந்தப் புள்ளி கருப்பு, எது வெள்ளை என்னும் அட்டவணையே. அதனைப் படமாக்கச் செயலி ஒவ்வொரு புள்ளியாக நிறமிடுகிறது:

```kotlin
val color = if (matrix.get(x, y)) Color.BLACK else Color.WHITE
bitmap.setPixel(x, y, color)
```

வெண்மையான புள்ளிகளுக்கும் நிறம் இடப்படுவதைக் காண்க. கருப்பை மட்டும் வரைந்து மற்றவற்றை வெறுமையாக விட்டுவிட்டால், பின்னணி ஒளி ஊடுருவும் தன்மையுடையதாகிவிடும். வெள்ளைப் பக்கத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது குறை தெரியாது. கருநிறப் பின்னணியுள்ள படத்தொகுப்பில் திறந்தாலோ சதுரம் முற்றும் மறைந்துபோகும்.

திரையில் காட்டுதல்

திரையில் காட்டப்படும் சதுரம் சில கணங்களே வாழ்வது. மெட்ரோ வாயிலில் பயணியின் பின்னே வரிசை நிற்கிறது. சதுரம் முதல் முறையிலேயே படிக்கப்படுதல் வேண்டும். திரையின் ஒளி குறைந்திருப்பது படிக்க இயலாமைக்கு முதற் காரணம். ஆகவே, சதுரம் தோன்றும் பக்கத்தில் மட்டும் ஒளியைச் செயலியே உயர்த்தி, பக்கம் மூடியதும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் நலம். அப்பக்கத்தில் திரை தானாக அணைந்துவிடாதிருக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் இருள் தோற்றம். கண்ணுக்கு இதமாக இருக்கும்பொருட்டுப் பலர் கைப்பேசியின் பின்னணியைக் கருப்பாக வைத்துள்ளனர். சதுரத்தையும் அதற்கேற்ப நிறம் மாற்றி, கருப்பின்மேல் வெள்ளையாகக் காட்டினால், சில கருவிகள் படிக்கும், சில படிக்கா. செய்தவரின் கைப்பேசியில் படிக்கப்பட்டு, பிறர் கைப்பேசியில் படிக்கப்படாமையின் மூலம் பெரும்பாலும் இதுவே. எந்தத் தோற்றத்திலும் சதுரமும் அதன் ஓரமும் வெள்ளைத் தாளின்மேல் கருப்பு மை போலவே நிற்றல் வேண்டும்.

சேமித்து வைத்தல்

சேமிக்கப்படும் சதுரத்தின் நிலை வேறு. அது அச்சகத்துக்குச் செல்லும், நண்பருக்கு அனுப்பப்படும், பல மாதங்கள் சுவரில் தொங்கும். ஆதலின் எதைச் சேமிப்பது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். நமது உதாரண வரியில் 120 ரூபாய் என்னும் தொகை உள்ளது. அச்சதுரத்தைப் படமாகச் சேமித்து மறுநாள் மற்றொருவரிடம் காட்டினால், அவருடைய கைப்பேசியிலும் 120 ரூபாயே தோன்றும். தொகையுள்ள வரியைத் திரையில் மட்டும் காட்டுவதும், `am` என்னும் விவரம் நீக்கிய வரியைச் சேமிப்பதற்குத் தருவதும் சரியான முறை. கடைகளின் அட்டைகளில் வழக்கமாக உள்ளது தொகையற்ற வரியே. வாங்குவோர் தாமே தொகையை எழுதுகின்றனர்.

படத்தைப் பி.என்.ஜி. வடிவில் சேமித்தல் வேண்டும். அது ஒவ்வொரு புள்ளியையும் உள்ளபடியே காக்கும். ஜே.பி.ஜி. வடிவம் புகைப்படங்களுக்கென வகுக்கப்பட்டது. கோப்பின் அளவைக் குறைக்கும் முயற்சியில் கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்புகளில் சிற்றலைகள் போன்ற கறைகளை அது தோற்றுவிக்கும். ஒரு முறையினால் பெருங்கேடு இல்லை. செய்தி அனுப்பும் செயலிகள் வழியே கைமாறி, ஒவ்வொரு முறையும் சுருங்கி, மீண்டும் அவ்வடிவில் சேமிக்கப்படும்போதே சிறிய சதுரங்கள் கெடுகின்றன. சேமிக்கும் கட்டளை ஒரே வரி:

```kotlin
bitmap.compress(Bitmap.CompressFormat.PNG, 100, out)
```

ஆண்ட்ராய்டின் 10-ஆம் பதிப்பு முதல், `MediaStore` வழியாகத் தன் படத்தைப் படத்தொகுப்பில் வைக்கச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. அதற்கு முந்தைய கைப்பேசிகளில் பயனாளரின் அனுமதி கேட்கப்படும். அனுமதி மறுக்கப்பட்டால் படம் சேமிக்கப்படாது. அதனைச் செயலி வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும். "சேமிக்கப்பட்டது" என்னும் அறிவிப்பை உண்மையில் சேமித்த பின்னரே காட்டுதல் வேண்டும்.

அச்சளவும் கணக்கிடத்தக்கதே. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், 492 புள்ளிகள் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் ஆகும். ஒரு கட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர். சதுரத்தின் அகலத்தைப் போல் பத்து மடங்கு தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது பொதுவான மதிப்பு. எனவே இது முழங்கை நீளத்துக்குப் பொருந்தும். இரண்டு மீட்டர் தொலைவில் நிற்போர் படிக்கவேண்டுமாயின் சதுரம் 20 சென்டிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும்.

சேமிக்கும் படத்தின் அடியில், உள்ளிருக்கும் செய்தியை மனிதர் படிக்கும் எழுத்தில் அச்சிட்டுவைப்பது நல்ல வழக்கம். ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட திக்ஷா தளம், பெங்களூருவைச் சேர்ந்த ஏக்ஸ்டெப் நிறுவனம் உருவாக்கிய சன்பேர்ட் என்னும் மென்பொருள் அடித்தளத்தின்மீது அமைந்தது. அத்தளத்துக்கெனப் பாடநூல்களில் அச்சிட்ட சதுரங்களின் அடியில் ஆறு எழுத்துகளாலான ஒரு குறிப்பு உண்டு. சதுரம் கிழிந்தாலும், காமிரா பழுதானாலும், அவ்வாறு எழுத்துகளைத் தட்டச்சு செய்து பாடத்தை அடையலாம்.

தமிழ் எழுத்துகள்

களப்பணியாளர் ஒருவர் பள்ளித் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைக்க விரும்பி, "வேம்பு" என்னும் சொல்லைச் சதுரமாக்குவதாகக் கொள்வோம். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தோன்றும் இச்சொல், கணிப்பொறியில் வ, ஏகாரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என ஆறு குறிகளாக வைக்கப்படுகிறது. யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும்; ஆக 18 பைட்டுகள். அதனால் 21 கட்டங்களுள்ள முதல் அளவு போதாது. 25 கட்டங்களுள்ள இரண்டாம் அளவு தேவைப்படும்.

மேலே காட்டிய கட்டளையைத் தமிழுக்கும் மாற்றமின்றி உபயோகித்தால் விந்தையான விளைவு ஏற்படும். எந்த எழுத்துமுறை என்று கூறாதபோது, அந்நூலகம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய பட்டியலை மேற்கொள்கிறது. அப்பட்டியலில் தமிழ் இல்லாமையால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி இடப்படும். சதுரம் அழகாகத் தோன்றும். படித்துப் பார்த்தால் `??????` என ஆறு கேள்விக்குறிகள் வரும். படிக்கும் கைப்பேசியைக் குறைகூறிப் பயனில்லை. தமிழ் உள்ளேயே செல்லவில்லை. பின்வரும் ஒரு வரியைச் சேர்த்தால் குறை தீரும்:

```kotlin
EncodeHintType.CHARACTER_SET to "UTF-8"
```

பணம் பெறும் வரியில் தமிழ்ப் பெயர் வைப்பதாயின் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கு ஒவ்வொரு பைட்டும் `%20` போன்று மூன்றெழுத்தாக விரித்து எழுதப்படும். "பூக்கடை" என்பது ஏழு குறிகள், 21 பைட்டுகள், விரித்தால் 63 எழுத்துகள். `Poo%20Kadai` என்பதன் இடத்தில் அதனை வைத்தால், 58 எழுத்துள்ள வரி 110 எழுத்துகளாக நீளும். 33 கட்டங்களுக்குப் பதிலாக 45 கட்டங்கள் தேவைப்படும். தமிழ்ப் பெயர் வேண்டுமென்போர் அட்டையையும் அதற்கேற்பப் பெரிதாக்குதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

சதுரத்தைக் கண்ணால் பார்த்து அதன் உள்ளடக்கத்தை அறிய இயலாது. ஆகவே சோதனை ஒன்றே வழி. திரையில் தோன்றியதைச் சோதித்தால் போதாது. சேமித்த கோப்பைத் திறந்து, அல்லது அச்சிட்ட தாளை வைத்து, வேறொரு நிறுவனத்தின் கைப்பேசியினால் படிக்க வேண்டும். படித்துக் கிடைத்த வரியையும் முதலில் கொடுத்த வரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். படிக்கப்படுகிறது என்பது சதுரம் சரி என்பதற்கு மட்டுமே சான்று. வரி சரி என்பதற்கு ஒப்பீடே சான்று. பணம் பெறும் குறியீடாயின் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, அது உரிய கணக்கில் வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும்.

கடைக்காரர் நாள்தோறும் செய்யவேண்டிய சோதனையும் ஒன்றுண்டு. இச்சதுரத்தை எவரும் அமைக்கலாம். இதனை அமைத்தவர் யார் என்று காட்டும் முத்திரை ஏதும் இவ்வரியில் இல்லை. வஞ்சகர் ஒருவர் தம் முகவரியுள்ள சதுரத்தை அச்சிட்டுக் கடையின் அட்டைமேல் ஒட்டிவிட்டால், வேறுபாடு எவருக்கும் புலப்படாது. அட்டையின்மேல் புதிய தாள் ஒட்டப்பட்டுள்ளதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், பணம் செலுத்துவோர் இரகசிய எண்ணை இடுமுன் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்வதும் இதற்குரிய காப்பு. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்கும் சதுரம் பணத்தைப் பெற்றுத் தருவதன்று, எடுத்துச் செல்வது.

வகுப்பில் செய்வதற்குரிய பயிற்சியாக, மாணவர்கள் பாடநூலில் உள்ள சதுரம் ஒன்றின் மேல்வரிசையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை எத்தனை கட்டங்கள் என்று எண்ணலாம். மூலைக் கண் ஏழு கட்ட அகலம் உடையது என்பதை அளவுகோலாகக் கொண்டால் எண்ணுதல் எளிது. கிடைத்த எண்ணிலிருந்து 17-ஐக் கழித்து நான்கால் வகுத்தால் அச்சதுரத்தின் அளவு வரிசை கிடைக்கும். 33 எனின் 4. 25 எனின் 2. மீதியின்றி வகுபடவில்லையாயின் எண்ணியதில் தவறு உண்டு என்று கொண்டு, மீண்டும் எண்ணுதல் வேண்டும்.